இணைப்பு அ: பத்தடிப் பாதை

என் வீட்டுக்காரரின் சக்கர நாற்காலிக்கு அகலம் இருபத்தாறு அங்குலம். அனந்தராமன் சார் எங்கள் வழியில் விட்டுவைத்திருந்த இடைவெளி இருபத்தோரு அங்குலம். நான் கோர்ட்டுக்கு நடந்த நான்கு வருஷக் கதை கடைசியில் இந்த ஐந்து அங்குலத்தில் வந்து நின்றது.

நான் கிரிஜா. புனேயில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு திருகாணியின் புரியைக்கூட அளவு போடாமல் வரைந்ததில்லை. "கொஞ்சம் தள்ளி", "சுமாரா இவ்வளவு" என்று யாராவது சொன்னால் எனக்குக் காது எரியும். இப்படிப்பட்டவளின் சொந்த வீட்டுப் பத்திரத்தில் வரைபடமே கிடையாது என்றால் நம்புவீர்களா? கிடையாது. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தொண்ணூற்று மூன்றில் புனேயின் சாங்வியில் ஒரே மனையை இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வாங்கினோம். முன்பாதி அனந்தராமன் சாருக்கும் அவர் மனைவி நீலாவுக்கும். அவர் வங்கி அதிகாரி, கும்பகோணத்துக்காரர். பின்பாதி எங்களுக்கு, பத்திரம் என் பேரில். நாங்கள் கோயம்புத்தூர். ஊர் வேறு, சாதி வேறு, சாம்பார் வேறு. ஆனால் அந்தத் தெருவில் தமிழ் பேசியவை எங்கள் இரண்டு வீடுகள்தான், அது போதுமானதாக இருந்தது. பின்வீட்டுக்குப் போக முன்மனை வழியாகப் பத்தடிப் பாதை உண்டு என்று பத்திரத்தில் எழுதினார்கள். நான் அந்தப் பாதையை அளந்து, டிரேசிங் தாளில் மையால் வரைந்து, பத்திரத்தோடு இணைக்கச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கோவிந்தராஜன் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நமக்குள்ள என்னத்துக்கு கிரிஜா மேப்பு? அனந்தராமன் என்ன, வழியச் சுருட்டிக்கிட்டா போயிரப் போறாரு?"

அனந்தராமன் சாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வெளியூரில் நம்மாட்களுக்குள் அளவு பேசுவது அசிங்கம் என்று இருவருக்கும் நினைப்பு. நான் படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேல் போட்டேன். பத்தடி கிழக்கிலா மேற்கிலா, எந்தச் சுவரிலிருந்து பத்தடி என்று எதுவும் எழுதாமலே பத்திரம் பதிவாயிற்று.

இருபத்தாறு வருஷம் மேற்குப் பக்கமாகப் போய் வந்தோம். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டர், எப்போதாவது கேஸ் சிலிண்டர் வண்டி. பிறகு ஒரு நாள் நாங்கள் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது, அந்தப் பாதையில் இரும்புத் தூண் நட்டுத் தகரக் கூரை போட்ட கொட்டகை நின்றது. அதற்குள் அனந்தராமன் சாருடைய புதுக் கார். கொட்டகை எட்டடி மூன்று அங்குலம் எடுத்துக்கொண்டது. மீதி இருபத்தோரு அங்குலம்.

கேட்டதற்கு, உங்கள் வழி கிழக்குப் பக்கம்தானே, பத்திரத்தில் மேற்கு என்று எங்கே போட்டிருக்கிறது என்றார். கிழக்கில் அவர் வீட்டு மாடிப்படி இருக்கிறது. அதன் வழியாகப் போக வேண்டுமென்றால் நாங்கள் பறக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் ஸ்பானரை எடுத்துப்போய் அந்தக் கொட்டகையின் மூன்று போல்ட்டுகளைக் கழற்றினேன். நான்காவது போல்ட் பழைய இரும்பு, துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டதால் அவரிடம் மாட்டிக்கொண்டேன். கூரை ஒரு பக்கம் சரிந்தது. நான் வழிக்காக சிவில் வழக்குப் போட்டேன், அவர் சொத்துக்குச் சேதம் செய்ததாக என் மேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுத்தார். அறுபது வயதில் குற்றம் சாட்டப்பட்டவள் ஆனேன். உண்மையைச் சொன்னால், அந்த நான்காவது போல்ட்டை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன்.

இதற்கு நடுவில், போன வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலப் பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு, இருந்தால் ஒரு நாளைக்கு நான்கைந்து சொல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் பிறகு வீட்டை விட்டு வெளியே போகவே முடியவில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டிய நாட்களில் மட்டும் ஆளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகச் சாய்த்துத் தூக்கி, அந்த இருபத்தோரு அங்குலத்தில் நுழைத்துக் கொண்டுபோவார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். தினமும் சாயங்காலம் தெருமுனைத் தபரி டீக்கடையில் கட்டிங் சாய் குடித்து, ஊர் வம்பெல்லாம் கேட்டுவிட்டு வரும் மனிதர் அவர். பதினோரு மாதமாக ஜன்னல் வழியாகத் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வழக்கில் ஜெயிப்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது. அவர் அந்த டீக்கடைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

என் வக்கீல் எஸ்தர் புனேயின் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டுத் தமிழில் ஹிந்தியும் மராத்தியும் தாராளமாகக் கலந்து பேசுவாள். பிப்ரவரியில் ஒரு நாள், வரப்போகிற லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், இதைப் போடலாமா என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று ஏறிவிட்டது. சமாதானம் பேசத்தான் நான்கு வருஷம் நடந்தேனா என்று கேட்டேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்குப் பாதி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் ஐந்தடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"அரே ஆன்ட்டி, அங்க தீர்ப்பே கிடையாது" என்றாள் எஸ்தர். "ஜட்ஜ் இருப்பாங்க, கூட ஒரு வக்கீல், ஒரு சமூக சேவகர். ஆனா அவங்களா எதுவும் முடிவு பண்ண முடியாது. நீங்களும் அந்த அங்கிளும் ஒத்துக்கிட்டாதான் எழுதுவாங்க. ஒத்துக்கலன்னா ஃபைல் அப்படியே பழைய கோர்ட்டுக்குத் திரும்பிடும். விட்ட இடத்துலேர்ந்து கேஸ் நடக்கும். உங்களுக்கு நஷ்டமே இல்ல."

பிறகு வழக்கின் கணக்கைச் சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேல் மேற்கு வழியாகவே போய் வந்திருப்பதால் நாங்கள் ஜெயிக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் சாட்சி விசாரணை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஜெயித்தாலும் அவர் மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் போவார். அங்கே தோற்றால் ஹைகோர்ட். ஒவ்வொரு படியிலும் தடையுத்தரவு கேட்பார். "அங்கிளுக்கு அவ்வளவு டைம்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

இதில் அப்பீல் கிடையாதா என்று கேட்டேன்.

"கிடையவே கிடையாது. கையெழுத்துப் போட்டா அது சிவில் கோர்ட் டிக்ரி மாதிரி, ஆனா மேல போற வாசல் மூடியாச்சு. ஏமாத்திக் கையெழுத்து வாங்கினாங்க, நான் ஒத்துக்கவே இல்ல, இப்படி ஏதாவது நிரூபிச்சா ஹைகோர்ட்ல ரிட் போடலாம். அது ரொம்பக் கஷ்டம். ஆனா ஒண்ணு ஆன்ட்டி, வாசல் உங்களுக்கும் மூடிரும். அப்புறம் வந்து ஒரு வரி தப்பா எழுதிட்டோம்னு அழக் கூடாது."

என் மேலிருந்த போல்ட் வழக்கையும் அதே மேஜையில் முடித்துவிடலாம் என்றாள். புகார் கொடுத்தவர் சம்மதித்தால் சட்டம் சமரசம் அனுமதிக்கிற வகைக் குற்றம் அது. கொலை, கொள்ளை மாதிரி சமரசத்துக்கு இடமில்லாத குற்றமெல்லாம் அங்கே போகாது, விவாகரத்தும் ஆகாது. விபத்து நஷ்டஈடு, செக் திரும்பிய வழக்கு, கரண்ட் பில், குடும்பச் சண்டை, அக்கம்பக்கத்துத் தகராறு, இவைதான் அங்கே நன்றாக முடியுமாம். "நீங்க கேஸ் ஜெயிச்சாலும் தோத்தாலும் அடுத்த இருபது வருஷம் அதே கேட்லதான் அவங்க மூஞ்சியப் பாக்கணும். இதுக்கு ஜட்ஜ்மென்ட் சரிப்படாது" என்றாள். சின்னப் பெண், ஆனால் சொன்னது சரி என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. சரி என்றேன்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பிம்ப்ரி கோர்ட்டுக்குப் போனோம். கோர்ட் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது கொட்டாவி. அன்றைக்கோ அது சந்தை மாதிரி இருந்தது. வராந்தா முழுக்கக் கூட்டம். அறைக்கு அறை மேஜை போட்டு, மேஜைக்கு மேஜை மூன்று பேர். ஒரு பக்கம் விபத்தில் காலிழந்தவரும் இன்சூரன்ஸ்காரரும், இன்னொரு பக்கம் வங்கிக்காரர்கள். எங்கள் இரண்டு கோப்புகளும் ஒரே மேஜைக்கு வந்திருந்தன. நடுவில் உட்கார்ந்திருந்த நீதிபதி அம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். மராத்தியில் கேட்டார், நாங்கள் எல்லாரும் மராத்தியிலேயே பதில் சொன்னோம்.

அனந்தராமன் சார் தன் வக்கீலோடு வந்திருந்தார். நீலாவும் கூட வந்திருந்தாள். வீடு இருவர் பேரிலும் இருப்பதால் அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் செல்லாது. நான்கு வருஷத்துக்கு முன்பு வரை மதிலுக்கு மேல் எங்களிடமிருந்து முருங்கைக்காய் போகும், அங்கிருந்து வத்தக்குழம்பு வரும். அன்றைக்கு அவள் என்னைப் பார்க்காமல் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி அம்மா எங்களை யார் சரி யார் தப்பு என்று கேட்கவே இல்லை. பத்திரத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டார். அனந்தராமன் சாரைப் பார்த்து, உங்களுக்குக் கொட்டகை எதற்கு என்று கேட்டார். கார் நிறுத்த என்றார் அவர். தெருவில் நிறுத்தினால் என்ன என்று கேட்டார். அவர் காரணத்தைச் சொன்னார். ஒரு ஜூலை மாதம் அணை திறந்துவிட்ட ராத்திரி ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்து, அவர் ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய முதல் கார் ஸ்டியரிங் வரை முழுகிப்போனது. வீட்டு மனையில் மேடான இடம் அந்தப் பாதைதான். வேறு எங்கே வைப்பேன் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கார் முழுகியது எனக்குத் தெரியும், சேற்றை வாரிக் கொட்டியதில் நானும் உண்டு. ஆனால் அதையும் கொட்டகையையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நான்கு வருஷத்தில், மூன்று வக்கீல் மாறி, எத்தனையோ தேதி போட்டு, ஒருவர்கூட இதை அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்பானரைத்தான் எடுத்தேன்.

கேட்ட மாத்திரத்தில் என் மண்டைக்குள் அளவுகள் ஓட ஆரம்பித்துவிட்டன. எங்கள் பின்மனை அவர் பாதையைவிட ஒன்றேகால் அடி மேடு. வடமேற்கு மூலையில் ஒன்பதடிக்குப் பதினேழடி இடம் இருக்கிறது. அங்கே இருப்பது என் முருங்கை மரமும் கறிவேப்பிலைச் செடியும். பாதை காலியாக இருந்தால் கார் நேராக உள்ளே வந்துவிடும். கணக்கு சரியாக வந்தது. மரம்தான் குறுக்கே நின்றது. அது நான் வைத்து, நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம்.

"கார எங்க எடத்துல கொண்டாந்து நிறுத்திக்கங்க" என்றேன் தமிழில். "முருங்கைய எடுத்துடறேனுங்க. ஆனா பாதையில ஒரு செங்கல்கூட இருக்கக் கூடாது."

அனந்தராமன் சார் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். எஸ்தர் சட்டென்று குனிந்து, இதை அனுமதி என்றுதான் எழுத வேண்டும், உரிமை என்று எழுதக் கூடாது, பாதை காலியாக இருக்கும் வரை கார் நிறுத்த அனுமதி என்று போடச் சொல்கிறேன் என்று என் காதில் சொன்னாள். அவருடைய வக்கீலும் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் யோசித்துவிட்டு அடுத்த முறை சொல்கிறேன் என்றார். நீதிபதி அம்மா கோபப்படவில்லை. யோசியுங்கள், கட்டாயம் எதுவும் இல்லை, இன்று முடியாவிட்டால் கோப்பு கோர்ட்டுக்கே திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டுக் கோப்புக் கட்டைக் கட்டக் கையைக் கொண்டுபோனார்.

அப்போதுதான் நீலா தலையை நிமிர்த்தினாள்.

"நான் எல்லாத்தையும் சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்துண்டுதான் இருக்கேன்" என்றாள் அவரிடம். "கோவிந்தராஜனைச் சாய்ச்சுத் தூக்கிண்டு போறா. அவர் கண்ணை மூடிக்கறார். நம்ம கார் நனையாம நிக்கறது. நேக்கு இது போறும். போடுங்கோ கையெழுத்தை."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சரி என்றார்.

இங்கேதான் கதை முடிந்திருக்க வேண்டும். குமாஸ்தா சமரச நிபந்தனைகளை மராத்தியில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். பத்தடிப் பொதுப் பாதையை முப்பது நாளுக்குள் காலி செய்வது, கார் நிறுத்த அனுமதி, புகாரைச் சமரசத்தில் முடித்துக்கொள்வது, நான் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைப்பது, எல்லாம் இருந்தது. எல்லாருக்கும் பசி. எஸ்தர் பேனாவை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"எந்தப் பத்தடி?" என்று கேட்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எந்தச் சுவரிலிருந்து, சுவரின் எந்த முகத்திலிருந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிற பத்தடி என்று மராத்தியில் நீதிபதி அம்மாவிடமே கேட்டேன். இனி மேலே போக வழி கிடையாது என்கிறீர்கள், அப்படியென்றால் இந்தத் தாளில் இருப்பதுதான் கடைசி வரைக்கும், இதில் படம் இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர் ஒருவர் உச்சுக் கொட்டினார். வரைவதற்கு இப்போது ஆளுக்கு எங்கே போவது என்று அனந்தராமன் சாருடைய வக்கீல் சலித்துக்கொண்டார். நான் கைப்பையிலிருந்து அளவுகோலையும் பென்சிலையும் எடுத்தேன்.

நீதிபதி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது நிமிஷம் கொடுத்து, அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

வராந்தாவில் இருந்த மர பெஞ்சில் தாளை விரித்தேன். அந்த வீட்டின் ஒவ்வோர் அளவும் எனக்கு மனப்பாடம். மேற்கு மதில் சுவரின் உள்முகத்தை ஆதாரக் கோடாகப் போட்டேன். அதிலிருந்து பத்தடி. தெருக்கேட்டில் தொடங்கி எங்கள் கேட்டில் முடிகிற நீளம் நாற்பத்திரண்டு அடி. கார் நிறுத்தும் மூலைக்கு ஒன்பதுக்குப் பதினேழு. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. யாரோ அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நிமிர்ந்தால் அனந்தராமன் சார்.

"இதை அப்பவே பண்ணியிருக்கணும், இல்லையா?" என்றார்.

"பண்ணுனேனுங்க. அலமாரி மேல சுருட்டி வெச்சிருக்குது. நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

அவர் தாளை விடவில்லை.

படத்துக்கு 'இணைப்பு அ' என்று பெயர் வைத்து, நிபந்தனையில் அதைச் சேர்த்தார்கள். நான், அனந்தராமன் சார், நீலா, இரண்டு வக்கீல்கள், பிறகு மேஜையிலிருந்த மூவர், எல்லாரும் தாளிலும் படத்திலும் கையெழுத்துப் போட்டோம். நீதிபதி அம்மா ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். படித்தீர்களா, புரிந்ததா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, இதற்கு அப்பீல் இல்லை என்று தெரியுமா என்று. தெரியும் என்று நான் சொன்ன சத்தம் பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும். முத்திரை குத்தும்போது என் பென்சில் கோட்டின் ஓரத்தில் கொஞ்சம் மை பட்டது. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ படங்கள் என் கையால் போயிருக்கின்றன. இவ்வளவு சந்தோஷமாக எதையும் நான் கொடுத்ததில்லை.

முருங்கையை மறுநாளே வெட்டினேன். நீலா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். கடைசிக் காய்களைக் கட்டி அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

கொட்டகை மட்டும் அசையவில்லை. விமான் நகரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் அவர்கள் மகன் அனிருத் விஷயம் தெரிந்து வந்து குதித்ததுதான் காரணம். நம் இடத்தில் நாம் கொட்டகை போடக் கூடாதா, அம்மாவும் அப்பாவும் கோர்ட்டில் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், நான் அப்பீல் போடுகிறேன் என்று சத்தம் போட்டான். எங்கள் வீட்டுக்கே கேட்டது. நான் கொஞ்சம்கூட அலட்டிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். எஸ்தருக்குப் போன் போட்டேன். போடட்டும் ஆன்ட்டி, பார்த்துக்கலாம் என்று நிம்மதியாகச் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து நீலா வந்து நடந்ததைச் சொன்னாள். அனிருத் சிவாஜிநகரில் ஒரு பெரிய வக்கீலிடம் போயிருக்கிறான். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, லோக் அதாலத் முடிவுக்கு அப்பீல் என்று ஒன்று சட்டத்திலேயே இல்லை, போட்டால் வாங்கவே மாட்டார்கள் என்றிருக்கிறார். ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா என்று இவன் கேட்டிருக்கிறான். போடலாம், 'என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்' என்று உன் அப்பா பிரமாணம் கொடுப்பாரா என்று அவர் கேட்டிருக்கிறார். அனிருத் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டான். அனந்தராமன் சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

"முப்பத்தஞ்சு வருஷம் பேங்க்ல ஊரார் கையெழுத்தை சரிபார்த்தவன் நான். என் கையெழுத்தை நானே பொய்னு சொல்லச் சொல்றயா? படத்து ஓரத்தைப் பிடிச்சுண்டு நின்னவனே நான்தான்டா" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டாராம்.

இருபத்தெட்டாம் நாள் கொட்டகையைப் பிரித்தார்கள். கார் முருங்கை இருந்த மூலைக்குப் போனது, கூரை போனது, தகரம் போனது, தூண்களும் போயின. ஆனால் அனிருத் அவர்கள் வீட்டுச் சுவரோரமாக இரண்டு தூண்களை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருந்தான், ஏதோ விளக்குப் போடுவதற்கு. நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். தூணிலிருந்து மதில் வரை அளந்தால் ஒன்பதடி நான்கு அங்குலம்.

சக்கர நாற்காலி தாராளமாகப் போகுமே, இந்த எட்டு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று என்னைக் கேட்பீர்கள். இன்றைக்கு நாற்காலி, நாளைக்கு ஆம்புலன்ஸ். நாளைக்கு இந்தத் தூணில் ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. ஒரு படத்தை விட்டுக்கொடுத்துத்தான் எட்டடி போனது. முப்பதாம் நாளும் தூண்கள் நின்றால் தர்காஸ்து, அதாவது டிக்ரியை நிறைவேற்றச் சொல்லும் மனு, போட்டுவிடலாம், கோர்ட் பெலிஃப், நம் ஊர் அமீனா, இந்தப் படத்தை வைத்தே அளந்து எடுத்துவிடுவார் என்றாள் எஸ்தர். நான் அனந்தராமன் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். இணைப்பு அ-வின் நகலை நீட்டினேன்.

அவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறு முனையைப் பிடித்தேன். மதில் சுவரின் உள்முகத்திலிருந்து அளந்தோம். அவர் எண்ணைப் படித்தார், படத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஸ்பானரை எடுத்துவந்தார். அடித்தட்டு போல்ட்டுகளில் ஒன்று துருப்பிடித்து வரவில்லை. தேங்காயெண்ணெய் விடுங்க, அரை மணி நேரம் கழிச்சுத் திருப்புங்க என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த வகை போல்ட்டில் எனக்கு அனுபவம் உண்டு. சாயங்காலத்துக்குள் இரண்டு தூண்களும் சாய்ந்தன.

அதே சாயங்காலம் என் வீட்டுக்காரருக்குச் சட்டை மாற்றி, தலை வாரி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்தேன். எங்கே என்று கண்ணாலேயே கேட்டார். சாய் குடிக்க என்றேன். கேட்டைத் திறந்து நாற்காலியைத் தள்ளினேன். பதினோரு மாதம், இல்லை, அந்த ஒரு மாதத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதம் கழித்து, யாரும் தூக்காமல், யாரும் சாய்க்காமல், நடுப்பாதையில் நேராகப் போனார். இரண்டு பக்கமும் இடம் கிடந்தது. நான் வேண்டுமென்றே ஒரு முறை இடப் பக்கம் ஒதுக்கினேன், ஒரு முறை வலப் பக்கம் ஒதுக்கினேன். நீலா ஜன்னலில் நின்றிருந்தாள். அனந்தராமன் சார் தெருக்கேட்டை முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

பாதி வழியில் என் வீட்டுக்காரர் இடக் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். கழுத்தைத் திருப்பி மேற்கு மதிலைப் பார்த்தார், அப்புறம் இந்தப் பக்கச் சுவரைப் பார்த்தார். அவருக்குப் பேச்சு வரும்போது முதலில் உதடு துடிக்கும். நான் குனிந்தேன்.

"மேப்பு..." என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மேப்பு... வேணும் கிரிஜா."

முப்பது வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. சாயங்கால வெளிச்சத்தில், நடுப்பாதையில் நின்று, சத்தமாகச் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறுபடி சிரித்தேன். அப்புறம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினேன். தபரிக்காரர் தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் கட்டிங் சாய் ஊற்றி வைத்திருந்தார்.